பெயர் இல்லாத நீலமும் பழுத்த இலையும்

சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. ஆப்பிரிக்காவில், நமீபியாவின் வடக்குப் பகுதியில் வாழும் ஹிம்பா மக்களில் ஒருவர் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையில் வட்டமாகப் பன்னிரண்டு சதுரங்கள். பதினொன்று பச்சை, ஒன்று நல்ல நீலம். எது வேறாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். அவர் தேடுகிறார், தயங்குகிறார். பின்னணிக் குரல் காரணம் சொல்கிறது: இவர்கள் மொழியில் நீலத்துக்குத் தனிச்சொல் இல்லை, அதனால்தான் இந்தத் தடுமாற்றம். வீடியோவுக்குக் கீழே வரிசையாக ஆச்சரியப் பொம்மைகள். சித்தப்பா ஒருவர், தமிழில் நிறையப் படிப்பவர், ஒரு படி மேலே போய் எழுதினார்: "சங்கப் பாட்டில் நீலம் என்றால் பூதானே. வானம் நீலம் என்று எங்கேயாவது சொல்லியிருக்கிறதா? நம் முன்னோருக்கும் நீலம் தெரிந்திருக்காது போல."

நான் அன்றைக்குப் பதில் எழுதவில்லை. ஆனால் அந்த வரி மனதை விட்டுப் போகவும் இல்லை. சொல் இல்லையென்றால் அந்தப் பொருளே கண்ணில் படாது என்ற எண்ணத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. மொழியை நேசிப்பவர்களுக்கு அது இன்னும் பிடிக்கும், ஏனென்றால் மொழிக்கு அவ்வளவு பெரிய அதிகாரத்தைத் தருகிறது. எனக்கும் மொழி பிடிக்கும். அதனாலேயே இந்தக் கதை சரியாகச் சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். உண்மையில் நடந்த சோதனைகள் அந்த வீடியோவை விடப் பல மடங்கு சுவையானவை.

முதலில் வீடியோவை முடித்துவிடுவோம். அது பிபிசி 2011இல் ஒளிபரப்பிய ஓர் அறிவியல் நிகழ்ச்சியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. 2015இல் அது இணையத்தில் மறுபடி பரவியபோது, மார்க் லிபர்மேன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதன் மூலத்தைத் தேடிப் போனார். ஹிம்பா மக்களிடம் பல ஆண்டுகள் வேலை செய்த ஆய்வாளர்களிடமே கேட்டார். பச்சை நடுவே நீலச் சதுரம் வைத்து ஹிம்பா மக்கள் தடுமாறினார்கள் என்று ஆய்விதழில் வெளியான முடிவு எதுவும் இல்லை, அந்தக் காட்சி நிகழ்ச்சிக்காக அமைக்கப்பட்டது என்பதுதான் தெரிந்தது. ஆய்வாளர்கள் உண்மையில் பயன்படுத்தியவை அவ்வளவு விலகிய நிறங்களே அல்ல. ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கும், நாமும் ஒரு கணம் யோசிக்கும் நிறச் சாயல்கள். அவர்கள் தேடிய வேறுபாடும் 'தெரிகிறது, தெரியவில்லை' என்ற வகை அல்ல. ஒரு சாயலைக் கொஞ்சம் எளிதாக நினைவு வைக்கிறார்களா, கொஞ்சம் சீக்கிரம் பிரிக்கிறார்களா என்பதுதான்.

சித்தப்பாவின் வாதத்துக்கும் ஒரு பழைய முன்னோடி உண்டு. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான கிளாட்ஸ்டன் 1858இல் ஹோமரைப் பற்றி எழுதிய பெரிய நூலின் கடைசிப் பகுதியில், இந்தக் கவிஞன் கடலை மதுவின் நிறம் என்கிறான், தேனைப் பச்சை என்கிறான், வானத்தை ஓரிடத்திலும் நீலம் என்று சொல்லவில்லை என்று பட்டியல் போட்டார். பழைய கிரேக்கர்களின் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் பழக்கம் இன்னும் முழுதாக வளரவில்லை என்று அதிலிருந்து முடிவு கட்டினார். பாட்டில் இருந்த சொற்களை எண்ணிக் கண்ணின் திறனை அளந்த கணக்கு அது. பாட்டுக்காரனுக்கு வானத்தின் நிறத்தைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை என்றால் அது கண்ணைப் பற்றி எதையும் சொல்லாது.

கண்ணையும் சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் போக வேண்டும். போனவர்களில் முக்கியமானவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவில் இருந்தவர், அப்புறம் நம் நீலகிரிக்கு வந்து தோடர்களிடமும் வேலை செய்தார். அவர் கையில் இரண்டு வகைச் சோதனை இருந்தது. ஒன்று, நிறத்தைக் காட்டிப் பெயர் கேட்பது. இன்னொன்று, வண்ணக் கம்பளி நூல்களைக் குவித்து வைத்து, ஒன்றைக் கையில் கொடுத்து, இதைப் போல இருப்பவற்றை எடு என்று சொல்வது. இரண்டாவதில் வாய் திறக்கவே வேண்டாம். தோடர் ஆண்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சிவப்பு–பச்சைக் குருடு இருந்ததை அவர் கண்டார். ஐரோப்பிய ஆண்களிடம் வழக்கமாகக் காணப்படுவதை விட அது அதிகம். இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரே மந்தை, ஒரே மொழி, ஒரே நிறப் பெயர்கள், ஆனால் அந்தப் பெயர்களைச் சொல்லும் ஆண்களில் எட்டில் ஒருவருக்கு வேறு கண். சொற்கள் ஒன்றாக இருப்பதை வைத்துக் கண்களும் ஒன்று என்று சொல்ல முடியாது என்றால், சொற்கள் வேறாக இருப்பதை வைத்துக் கண்களும் வேறு என்று மட்டும் எப்படிச் சொல்வது?

இலையில் ஓடும் கோடு

பாப்புவா நியூ கினியில் செபிக் ஆற்றுப் பகுதியில் பெரின்மோ என்ற சிறு சமூகம். டெபி ராபர்சன், ஜூல்ஸ் டேவிடாஃப், இயன் டேவிஸ் என்ற மூவர் அவர்களிடம் செய்த ஆய்வு 1999, 2000 ஆண்டுகளில் வெளியானது. பெரின்மோ மொழியில் அடிப்படை நிறப் பெயர்கள் ஐந்து. வெளிறியவைக்கு 'வாப்பா', இருண்டவைக்கு 'கெல்', சிவப்புச் சாயல்களுக்கு 'மேஹி'. மிச்சம் இரண்டுதான் இங்கே நமக்கு வேண்டியவை. 'நோல்' என்பது நம் பச்சை, நீலம், ஊதா எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. 'வோர்' என்பது மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, காக்கி எல்லாவற்றையும். அதாவது நமக்குப் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஓடும் கோடு அவர்களிடம் இல்லை. நமக்கு அவ்வளவாகப் புலப்படாத ஒரு கோடு, மஞ்சள் கலந்த பச்சைக்குள்ளே, அவர்களிடம் இருக்கிறது.

ஆய்வாளர்கள் மூன்று வண்ணச் சில்லுகளை ஒன்றாக வைப்பார்கள். மூன்றும் சம இடைவெளியில் நகரும் சாயல்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துக்கொள்வோம். எந்த இரண்டு ஒன்றுக்கொன்று அதிகம் ஒத்திருக்கின்றன என்பதுதான் கேள்வி. நடுச்சில்லு இரண்டு பக்கத்துக்கும் சம தூரம் என்பதால் கண்ணை மட்டும் நம்பினால் பதில் அங்கும் இங்குமாக விழ வேண்டும். ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஒரு மொழியின் எல்லை ஓடினால், அந்த மொழிக்காரர்கள் ஒன்றையும் இரண்டையும்தான் ஜோடியாக எடுப்பார்கள். அப்படித்தான் நடந்தது. பச்சை–நீல எல்லையில் ஆங்கிலம் பேசுபவர்கள் சாய்ந்தார்கள், பெரின்மோ மக்கள் சாயவில்லை. நோல்–வோர் எல்லையில் பெரின்மோ மக்கள் சாய்ந்தார்கள், ஆங்கிலக்காரர்கள் சாயவில்லை. ஒரு சில்லைக் காட்டி மறைத்து, சில நொடி கழித்து இரண்டைக் காட்டி எதைப் பார்த்தாய் என்று கேட்ட நினைவுச் சோதனையிலும் இதே போக்கு.

இந்தச் சோதனையின் பலம் இரண்டு பக்கமும் கேட்டதில் இருக்கிறது. பச்சை–நீலத்தை மட்டும் கேட்டிருந்தால் 'பெரின்மோக்காரர்களுக்கு அது வரவில்லை' என்ற ஒற்றைக் குறைதான் மிஞ்சியிருக்கும். அவர்கள் கோட்டையும் எடுத்துக்கொண்டு ஆங்கிலக்காரர்களிடம் கேட்டதால், குறை யாரிடமும் இல்லை, கோடுதான் இடம் மாறி ஓடுகிறது என்று தெரிந்தது. ஹிம்பா மக்களிடமும் பின்னாளில் இதே குழு இதே வகையில்தான் கேட்டது. அங்கே 'தம்பு' 'புரோவ்' என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே ஓடும் எல்லையில் ஹிம்பா மக்கள் கெட்டி. வீடியோவில் அந்தப் பாதி விழுந்துபோயிற்று.

ஆனால் என்னை உட்காரவைத்தது அந்த ஆய்வில் வரும் ஒரு சின்னக் குறிப்பு. அந்தப் பகுதியில் 'துலிப்' என்று சொல்லும் ஒரு மரத்தின் இலையைக் கீரையாகச் சமைக்கிறார்கள். பூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பறித்த உடனே இலை நல்ல பச்சை, சாப்பிடலாம். வைத்திருந்தால் மஞ்சளாகிவிடும், அப்புறம் சமைக்க உதவாது. நோல் எங்கே முடிந்து வோர் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் அவர்களுக்குள் இருக்கும் ஒற்றுமை, அந்த இலை எப்போது உதவாமல் போகிறது என்பதில் இருக்கும் ஒற்றுமையோடு பொருந்துகிறது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதைப் படித்ததும் காலையில் கீரைக்காரம்மா வாசலில் கூடையை இறக்கும் காட்சிதான் எனக்கு வந்தது. அம்மா முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்து உதறுவார். இளம்பச்சை, கரும்பச்சை, நீலம் ஓடிய பச்சை எல்லாம் ஒரே கட்டில் கிடக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆனால் ஒரு இலையில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தாலும் "என்னம்மா, பாதி பழுத்துக் கிடக்குது" என்று விலை குறையும். அந்த அம்மாவும் விட மாட்டார், "பழுக்கலைம்மா, வெயில் பட்டது" என்பார். இருவரும் சண்டை போடுவது நோல்–வோர் எல்லையில்தான். நம் மொழியிலேயே அது இருக்கிறது: பச்சை என்பது நிறம் மட்டுமா? பச்சைக் காய்கறி, பச்சைப் புண், பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர். வேகாதது, ஆறாதது, காயாதது, புதிதாக இருப்பது. பழுப்பு என்பது பழுத்ததன் நிறம். பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே ஒரு கோடு போடு என்று யாராவது வண்ண அட்டையைக் கொடுத்தால் நாம் எங்கே போடுவோம் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பெரின்மோ கோட்டிலிருந்து அது ரொம்பத் தள்ளிப் போகாது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

ஊகம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய தமிழ் இதை அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ளாது. செம்மை, கருமை, வெண்மை, பசுமை என்ற நான்குக்கும் தமிழில் தனி உரிமை உண்டு, இவை மட்டும்தான் செங்கல், கருங்கல், வெண்கல், பசும்புல் என்று அடியாகவே பெயரோடு ஒட்டும். மஞ்சள் ஒரு கிழங்கின் பெயர், நீலம் வடமொழி வழி வந்தது, அவை இப்படி ஒட்டுவதில்லை. இந்த நான்கில் 'பசு' என்ற அடி பச்சையை மட்டும் காட்டவில்லை, பசும்பொன் என்று பொன்னையும் சேர்க்கிறது. தலைவனைப் பிரிந்தவள் மேனியில் படரும் பசலையைக் குறுந்தொகை 399ஆம் பாட்டு கேணியில் படர்ந்த பாசிக்கு ஒப்பிடுகிறது. தொட்டால் விலகும், விட்டால் பரவும் என்பதற்காக. அதே நூலின் 98ஆம் பாட்டில் தோழியிடம் பேசும் தலைவி, மழைக்காலத்துப் பீர்க்கம்பூ சிலவற்றை எடுத்துக்கொண்டு போய் என் நெற்றி இப்படி ஆகிவிட்டது என்று அவரிடம் காட்ட யாராவது கிடைத்தால் நல்லது என்கிறாள். பாசி பச்சை, பீர்க்கம்பூ மஞ்சள், பசலை இரண்டுமாக இருக்கிறது. அப்படியானால் அன்றைய தமிழில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே கோடே இல்லையா? இங்கேதான் கிளாட்ஸ்டன் சறுக்கிய இடம் நமக்கும் காத்திருக்கிறது. ஒரு பாட்டு பரவுவதைச் சொல்ல வந்தது, இன்னொன்று சாயலைக் காட்ட வந்தது. இவற்றை வைத்துச் சொல்லின் பரப்பைப் பற்றிப் பேசலாம். பாடியவரின் கண்ணைப் பற்றி ஒரு சொல்லும் பேச முடியாது. அதே காலத்துப் புறநானூற்றில் சிவனின் கழுத்து ஓரிடத்தில் நீலமணி, இன்னோரிடத்தில் வெறும் கறை. ஒரே கழுத்துத்தான்.

எட்டு இலக்க எண்

சரி, பெரின்மோ சோதனை ஒரு பெரிய சந்தேகத்தை விட்டுவைக்கிறது. மூன்று சில்லில் எது ஜோடி என்று கேட்டால், மனதுக்குள் "இது நோல், இதுவும் நோல், இது வோர்" என்று சொல்லிப் பார்த்துப் பதில் சொல்லலாமே? அப்போது நாம் அளப்பது பார்வையையா, பெயர் சொல்லும் பழக்கத்தையா? நினைவுச் சோதனையிலும் அப்படித்தான். நிறம் மறைந்தபின் கையில் மிஞ்சுவது பெயர்தான். இதற்குப் பதில் தேடிய ஒரு சோதனை 2007இல் வெளியானது. ஜோனதன் வினாவர், லெரா பரடிட்ஸ்கி முதலியோர் செய்தது. நிறச்சொற்களைப் பற்றி நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ரஷ்ய மொழியில் நீலத்துக்கு ஒரே பெயர் கிடையாது. அடர் நீலம் 'சீனிய்', வெளிர் நீலம் 'கலுபோய்'. நாம் வெளிர்நீலம் என்று அடைமொழி போட்டுச் சமாளிப்பது போல் அல்ல, இரண்டும் தனித்தனி நிறம், சிவப்பும் ஆரஞ்சும் போல. ரஷ்யர்கள் பொதுவாக இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் சொல்வதில்லை. ஆய்வாளர்கள் வெளிரிலிருந்து அடர்வு வரை இருபது நீலங்களை எடுத்துக்கொண்டார்கள். திரையில் மேலே ஒரு நீலச் சதுரம், கீழே இரண்டு. கீழே இருப்பவற்றில் ஒன்று மேலே இருப்பதன் அதே நீலம், மற்றது வேறு. எது அதே நிறம் என்று எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றும் கண்முன்னேயே இருக்கின்றன. நினைவு வைக்க எதுவும் இல்லை, ஜோடி சேர்க்கவும் இல்லை, பெயர் கேட்கப்படவும் இல்லை. சரியான பதில் ஒன்றுதான்.

எல்லாம் முடிந்த பிறகு அதே இருபது நீலங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது சீனியா கலுபோயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். இந்தப் படி முக்கியம். ஒருவருடைய எல்லை இன்னொருவருடையது அல்ல. சராசரி எல்லையை எல்லோர் தலையிலும் கட்டினால் முடிவு மழுங்கிவிடும். அவரவர் கோட்டை அவரவரிடமே வாங்கினார்கள். அப்புறம் கணக்குப் போட்டார்கள்: ஒருவருடைய கோட்டுக்கு இரண்டு பக்கமும் விழும் நீலங்களைப் பிரிக்க அவருக்கு எவ்வளவு நேரம், ஒரே பக்கத்தில் விழும் நீலங்களைப் பிரிக்க எவ்வளவு நேரம். ரஷ்யர்கள் கோட்டைத் தாண்டிய ஜோடியைச் சீக்கிரம் பிரித்தார்கள். வித்தியாசம் ஒரு நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆங்கிலம் பேசுபவர்களிடமும் வெளிர், அடர் என்று ஒரு கோடு கேட்டு வாங்கி அதே கணக்கைப் போட்டார்கள். அவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் முடிவை நம்ப முடியாது, ஏனென்றால் அந்த இடத்தில் இருக்கும் நீலங்களே எல்லோர் கண்ணுக்கும் கொஞ்சம் எளிதாகப் பிரிபவையாக இருந்துவிடலாம்.

இதுவரை வந்தது பெரின்மோவின் இன்னொரு வடிவம்தான். திருப்பம் அடுத்தது. ஆய்வாளர்கள் அதே வேலையை ஒரு சுமையோடு கொடுத்தார்கள். முதலில் எட்டு இலக்க எண் ஒன்றைக் காட்டி, நீலங்களைப் பிரிக்கும் நேரம் முழுக்க அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். கொஞ்சம் கழித்து எண்ணைச் சரிபார்ப்பார்கள், அதனால் ஏமாற்ற முடியாது. நாம் பேனா இல்லாமல் யாருடைய போன் நம்பரையாவது வாங்கிக்கொண்டு, எழுதும்வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போவோமே, அந்த நிலை. அப்படி இருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் நம்பர் போய்விடும், ஏனென்றால் மனதுக்குள் பேசும் இடம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

அந்த இடம் நிறைந்ததும் ரஷ்யர்களின் முன்னிலை மறைந்துபோனது. சீனியும் கலுபோயும் இன்னும் அவர்கள் மொழியில்தான் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து பேசுகிறார்கள். கண்ணும் அதே கண். ஆனால் கோட்டைத் தாண்டிய நீலங்களும் தாண்டாத நீலங்களும் இப்போது ஒரே மாதிரி நேரம் எடுத்தன. கவனம் சிதறியதால்தான் இப்படியா? அதற்கும் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். எண்ணுக்குப் பதிலாக, சில கட்டங்கள் மட்டும் நிறைக்கப்பட்ட ஒரு கட்டப் படத்தைக் காட்டி அதை மனதில் பிடித்துவைக்கச் சொன்னார்கள். அதுவும் சுமைதான், ஆனால் வாயோடு சம்பந்தமில்லாத சுமை. அப்போது முன்னிலை மறையவில்லை.

வீடியோ சொல்வது போல, சொல் குழந்தைப் பருவத்தில் கண்ணைப் பிடித்துச் செதுக்கிவிட்டுப் போயிருந்தால், எட்டு இலக்கத்தால் அதைக் கலைத்திருக்க முடியாது. அதே சமயம், சொல் என்பது பார்த்து முடித்த பிறகு ஒட்டும் சீட்டு மட்டும் என்றால், இரண்டு நீலத்தைப் பக்கத்தில் வைத்துப் பிரிக்கும் இவ்வளவு சின்ன வேலைக்குள் அது நுழைந்திருக்கவும் கூடாது. பார்க்கும் அந்தக் கணத்திலேயே, யாரும் கேட்காமலேயே, பெயர் உள்ளே எழுந்து முடிவில் கைகொடுக்கிறது. அதன் வாயை வேறு வேலையில் அடைத்தால் கைகொடுப்பதை நிறுத்திவிடுகிறது. சித்தப்பாவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். கடைசியில் தொலைபேசியில் சொன்னேன். "அப்போ எண் சொல்லிக்கிட்டிருக்கும்போது ரஷ்யாக்காரன் இங்கிலீஷ்காரன் ஆயிடறானா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஒரு வேலையில், அந்தச் சில நிமிடங்களுக்கு, ஆமாம்.

இது எவ்வளவு உறுதி?

இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். பத்தில் ஒரு பங்கு நொடி என்பது ரொம்பச் சின்ன அளவு. கொஞ்சம் அசந்தால் கையை விட்டுப் போகும். நீலங்கள் கண்ணுக்கு உண்மையிலேயே சம இடைவெளியில் இருக்கின்றனவா என்பது முதல் சிக்கல். கணினியில் எண்களைச் சமமாகக் கூட்டினால் சாயல்கள் சமமாக நகராது. வெளிர்ப் பக்கம் ஒரு படி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், அடர்ப் பக்கம் அதே படி தெரியாமலே போகும். திரைக்குத் திரையும் மாறும். 2020இல் யாஸ்னா மார்ட்டினோவிச், கலினா பராமெய், ஜோசப் மெக்கின்னிஸ் மூவரும் நிறங்களைக் கண்ணின் அளவையில் கட்டுப்படுத்தி ரஷ்ய நீலங்களை மறுபடி சோதித்தபோது, அந்த முன்னிலை தென்படவில்லை. வேகத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் நீலங்களுக்கு இடையே கண் உணரும் தூரம்தான். 2006இல் வெளியான வேறொரு பிரபலமான முடிவும், நிறப்பெயரின் உதவி வலப்பக்கப் பார்வையில் மட்டும்தான் கிடைக்கிறது என்பது, வேறு கூடங்களில் திரும்பச் செய்தபோது நிற்கவில்லை.

அதனால் 2007 முடிவைத் தூக்கி எறிய வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எளிதில் பிரியும் நிறங்களில் பெயருக்கு வேலை இல்லை, பிரிப்பது கடினமாகும்போதுதான் பெயருக்கு இடம் கிடைக்கிறது என்பது அந்தச் சோதனையிலேயே தெரிந்தது. ஒட்டி நிற்கும் நீலங்களில்தான் முன்னிலை பலமாக இருந்தது. மொத்தத்தில் நினைவுச் சோதனைகளில் பெயரின் கை பலமாகத் தெரிகிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சோதனைகளில் நூலிழையாகத் தெரிகிறது அல்லது தெரியாமலே போகிறது. அந்த வரிசை எனக்கு நியாயமாகப் படுகிறது. பொருள் கண்முன்னே இருக்கும்வரை கண் பார்த்துக்கொள்கிறது. அது மறைந்த பிறகு நாம் பெயரைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

தமிழில் இதைச் சோதிக்க வேண்டுமென்றால் வேறு மொழிக்காரர்களைத் தேடவே வேண்டாம். புடவைக் கடையில் பட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்கு வாடாமல்லி, கத்தரிப்பூ, அரக்கு, வெங்காயத்தோல், மயில்கழுத்து, ராமர் பச்சை, ஆனந்தா நீலம் எல்லாம் தனித்தனி நிறம். அலமாரியில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் உடனே கை போய் எடுத்துவிடும். எனக்குத் தெரிந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு வாடாமல்லியிலிருந்து கத்தரிப்பூ வரை எல்லாமே வயலட். ஒரே மொழி, ஒரே ஊர், இரண்டு சொல்லகராதி. வாடாமல்லிக்கும் கத்தரிப்பூவுக்கும் நடுவே ஒரு இருபது சாயலைக் கண்ணின் அளவையில் சமமாகப் பிரித்து, கடைக்காரர்களையும் மற்றவர்களையும் தனித்தனியாக உட்காரவைத்து, மூன்று சதுரம் காட்டி, கடைசியில் அவரவர் கோட்டைக் கேட்டு வாங்கலாம். கடைக்காரர்கள் நாளெல்லாம் சாயல் பார்ப்பவர்கள் என்பதால் அவர்களுக்குப் பொதுவாகவே வேகம் இருக்கும், அதனால் மொத்த நேரத்தை ஒப்பிடக் கூடாது. அவரவருக்குள் கோட்டைத் தாண்டியதையும் தாண்டாததையும் மட்டும் ஒப்பிட வேண்டும். கடையின் டியூப் லைட்டில் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம் என்று எல்லோரும் புடவையை வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவதால், துணியை வைத்துச் செய்யக் கூடாது, அளவு சரிபார்த்த ஒரே திரையில்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் எண். இங்கேதான் எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. நாம் போன் நம்பரைத் தமிழில் மனதுக்குள் சொல்வதில்லை, நைன் எய்ட் ஃபோர் என்றுதான் சொல்கிறோம். உள்ளே ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடாமல்லி என்ற சொல் எழ இடம் இருக்குமா, அல்லது எந்த மொழியானாலும் உள்வாய் ஒன்றுதானா? செய்பவர் யாராக இருந்தாலும் பாதிப் பேருக்கு எட்டு இலக்கத்தைத் தமிழிலும் பாதிப் பேருக்கு ஆங்கிலத்திலும் சொல்லச் சொல்லி, இரண்டையும் தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும்.